ஹீப் கட்ட n போதுமா, n log n வேண்டுமா?

2008ஆம் ஆண்டு கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் ஒரு கேள்வி வந்தது. n எண்கள் உள்ள ஒரு பைனரி ஹீப் கையில் இருக்கிறது. அதில் இன்னும் n எண்களைச் சேர்க்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மொத்தம் எவ்வளவு நேரம் பிடிக்கும்? கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் n log n ஒன்று, n இன்னொன்று.

ஒரு எண்ணைச் சேர்க்க log n நேரம் ஆகும் என்பது பாடத்தில் படித்தது. அப்படியானால் n எண்களுக்கு n log n. பெருக்கல் சரி, படித்ததும் சரி, ஆனால் விடை தவறு. சரியான விடை n. கேள்வியின் திறவுகோல் 'ஒன்றன்பின் ஒன்றாக என்ற கட்டாயம் இல்லை' என்ற பகுதியில் இருக்கிறது.

ஹீப் கட்டுவதற்கு n log n ஆகும் என்ற எண்ணம் கணினி படித்தவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. n போதும் என்று சொன்னால், 'அது சராசரிக் கணக்காக இருக்கும்' என்று சிலர் ஒதுக்குகிறார்கள். 'அப்படியென்றால் எண்களை வரிசைப்படுத்துவதையும் n நேரத்தில் முடித்துவிடலாமே, அது முடியாது என்று நிரூபித்திருக்கிறார்களே' என்று சிலர் மடக்குகிறார்கள். இரண்டாவது நல்ல கேள்வி, அதற்கு நல்ல பதில் உண்டு. முதலில், கட்டப்படும் பொருள் என்ன என்று பார்ப்போம்.

ஓர் அலுவலகத்தில் பல வேலைகள் காத்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் அவசர எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போது கேட்டாலும் மிகச் சிறிய எண் உள்ள வேலை உடனே கிடைக்க வேண்டும். மற்றவை எந்த வரிசையில் இருக்கின்றன என்ற கவலை இப்போதைக்கு இல்லை. இந்தத் தேவைக்காகப் பிறந்ததுதான் ஹீப். எண்கள் ஓர் அர்ரேயில், அதாவது 1, 2, 3 என்று இலக்கமிட்ட பெட்டிகளில், அடுத்தடுத்து இருக்கும். முதல் பெட்டிக்கு 2ஆம், 3ஆம் பெட்டிகள் பிள்ளைகள். இரண்டாவதற்கு 4ஆம், 5ஆம் பெட்டிகள். பொதுவாகச் சொன்னால், i என்ற பெட்டிக்கு 2i, 2i+1 என்ற பெட்டிகள் பிள்ளைகள். இப்படிப் பார்த்தால் நேராகக் கிடக்கும் அர்ரே ஒரு மரமாகத் தெரியும். விதி ஒன்றே ஒன்றுதான்: எந்தத் தாயும் தன் பிள்ளைகளைவிடப் பெரிய எண்ணாக இருக்கக் கூடாது. இந்த விதி எல்லா இடத்திலும் நிற்குமானால் மிகச் சிறிய எண் முதல் பெட்டியில்தான் இருந்தாக வேண்டும்.

மரத்தின் உயரம் மிகக் குறைவு. ஒவ்வொரு தளமும் மேலே உள்ளதைப் போல இரு மடங்கு அகலம் என்பதால், பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் இருபது தளங்களில் அடங்கிவிடும். log n என்று எழுதுவது இந்த உயரத்தைத்தான். n-ஐத் திரும்பத் திரும்பப் பாதியாக்கினால் எத்தனை முறையில் ஒன்றுக்கு வரும் என்ற எண்ணிக்கை அது.

இந்த அமைப்பை 1964 ஜூனில் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழில் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் வெளியிட்டார். அந்த இதழ் அப்போது கணக்கீட்டு முறைகளுக்கு எண் இட்டு வெளியிட்டு வந்தது. வில்லியம்ஸின் ஹீப்சார்ட் 232ஆவது. ஹீப்பைக் கட்டுவதற்கு அவர் கையாண்ட வழி, யாருக்கும் முதலில் தோன்றும் வழி. வெற்று ஹீப்பில் தொடங்கி எண்களை ஒவ்வொன்றாகக் கடைசிப் பெட்டியில் போட வேண்டும். புதிதாக வந்தது தன் தாயைவிடச் சிறியதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். அது மேலே ஏறி, தனக்குரிய இடம் வந்ததும் நிற்கும்.

பதினைந்து எண்களை வைத்துச் செய்து பார்ப்போம். வேண்டுமென்றே மோசமான வரிசையில், 15, 14, 13 என்று 1 வரை இறங்குமுகமாகத் தருகிறேன். மரமாக எழுதினால் இப்படி இருக்கும்:

```
              15
      14              13
  12      11      10       9
 8  7    6  5    4  3    2  1
```

வில்லியம்ஸ் வழியில் முதலில் 15 உள்ளே போகிறது. ஏற்றம் எதுவும் இல்லை. அடுத்து 14 வருகிறது. அது 15-ஐவிடச் சிறியது, எனவே ஒரு படி ஏறி உச்சிக்குப் போகிறது. 13 வருகிறது, அதுவும் ஒரு படி ஏறி உச்சிக்குப் போகிறது. ஒவ்வொரு புது எண்ணும் இதுவரை வந்த எல்லாவற்றையும்விடச் சிறியது என்பதால், ஒவ்வொன்றும் தான் விழுந்த தளத்திலிருந்து உச்சிவரை முழுத் தூரமும் ஏறியாக வேண்டும். இரண்டாம் தளத்தில் விழும் இரண்டு எண்கள் தலா 1 படி, மூன்றாம் தளத்தில் விழும் நான்கு எண்கள் தலா 2 படி, அடித்தளத்தில் விழும் எட்டு எண்கள் தலா 3 படி. கூட்டினால் 2, 8, 24. ஆக மொத்தம் 34 இடமாற்றங்கள்.

இதில் 24 அடித்தளத்துக்கு மட்டும் ஆன செலவு. மரத்தில் பாதிக்கு மேற்பட்ட எண்கள் அடித்தளத்தில்தான் இருக்கின்றன. உச்சியிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பவையும் அவைதான். கூட்டம் எங்கே அதிகமோ அங்கே தூரமும் அதிகம். n எண்களில் பாதி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய log n தூரம் ஏறுகின்றன என்றால் மொத்தம் n log n-இன் வரிசையில் வராமல் போகாது. எனவே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் வழிக்கு, மோசமான உள்ளீட்டில் n log n ஆகும் என்பது உண்மை. நம்பிக்கை வேரூன்றிய இடம் இது. பிழை அடுத்த அடியில் வருகிறது. ஒரு வழிக்கு உள்ள செலவை, அந்த வேலைக்கே உள்ள செலவாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

வில்லியம்ஸின் முறை வெளியான ஆறே மாதத்தில், 1964 டிசம்பரில், அதே இதழில் 245ஆவது முறை வந்தது. எழுதியவர் ராபர்ட் டபிள்யூ. ஃபிளாய்ட். முனைவர் பட்டம் பெறாமலே ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானவர், 1978இல் டூரிங் விருது பெற்றவர். ட்ரீசார்ட் 3 என்று அவர் பெயரிட்ட அந்த முறையில், ஹீப் கட்டும் பகுதி மட்டும் பார்த்தால் ஆல்கால் மொழியில் சில வரிகள்தான். அதில் இருந்த மாற்றம் திசை.

ஃபிளாய்ட் வழியில் எண்கள் எல்லாம் ஏற்கெனவே பெட்டிகளில் கிடக்கின்றன. எதையும் 'சேர்ப்பது' இல்லை. பிள்ளைகள் உள்ள கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்கி, முதல் பெட்டியை நோக்கிப் பின்னோக்கி வர வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும், அங்கே உள்ள எண்ணை அதன் இரு பிள்ளைகளில் சிறியதோடு ஒப்பிட வேண்டும். தாய் பெரியதாக இருந்தால் இடம் மாற்றி, இறங்கிய இடத்திலும் அதையே தொடர வேண்டும். வில்லியம்ஸிடம் எண்கள் ஏறின, இங்கே இறங்குகின்றன.

அதே பதினைந்து எண்கள். 8 முதல் 15 வரையான பெட்டிகளுக்குப் பிள்ளைகள் கிடையாது. கீழே யாரும் இல்லாத ஒற்றை எண் தானாகவே ஹீப்தான், தொடவே வேண்டாம். எட்டு எண்களுக்கு வேலை பூஜ்யம். 7ஆம் பெட்டியில் 9, அதன் பிள்ளைகள் 2, 1. சிறியது 1, எனவே 9-உம் 1-உம் இடம் மாறுகின்றன. 6ஆம் பெட்டியில் 10-க்குப் பதில் 3 ஏறுகிறது, 5ஆம் பெட்டியில் 11-க்குப் பதில் 5, 4ஆம் பெட்டியில் 12-க்குப் பதில் 7. இதுவரை நான்கு இடமாற்றங்கள். கீழே நான்கு குட்டி ஹீப்கள் தயார்.

அடுத்து 3ஆம் பெட்டி. அங்கே 13, அதன் பிள்ளைகள் இப்போது 3, 1. 13 முதலில் 1-உடனும், இறங்கிய இடத்தில் 2-உடனும் இடம் மாறுகிறது. 2ஆம் பெட்டியில் உள்ள 14 முதலில் 5-உடனும், பிறகு 6-உடனும் மாறுகிறது. இங்கே நான்கு. கடைசியாக உச்சியில் உள்ள 15. அது 1, 2, 9 ஆகியவற்றோடு மூன்று முறை மாறி அடித்தளத்துக்குப் போகிறது. முடிவில் கிடைப்பது இது:

```
               1
       5               2
   7       6       3       9
 8  12  14  11   4  10  13  15
```

எந்தத் தாயும் பிள்ளையைவிடப் பெரியதல்ல என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். நான்கு, நான்கு, மூன்று. ஆக 11 இடமாற்றங்கள். அங்கே 34, இங்கே 11. இறங்கக்கூடிய ஒவ்வொரு எண்ணும் இங்கே அடிவரை இறங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். பதினைந்து எண்களை எந்த வரிசையில் கொடுத்தாலும் இதற்கு மேல் வேலை வாங்க முடியாது. அதாவது 11 என்பது சராசரி அல்ல, உச்சவரம்பு.

காரணம் இப்போது புலப்படும். நீண்ட தூரம் போகக்கூடியது உச்சியில் உள்ள ஒரே ஒரு எண் மட்டும். கூட்டமாக உள்ள அடித்தளம் நகரவே வேண்டியதில்லை. வில்லியம்ஸ் வழியில் கூட்டமும் தூரமும் ஒரே இடத்தில் சேர்ந்தன, ஃபிளாய்ட் வழியில் அவை எதிரெதிர் முனைகளில் இருக்கின்றன.

பதினைந்துக்குச் சரி, எல்லா n-க்கும் சரியா? இதற்குக் கூட்டல் தெரிந்தால் போதும். ஒரு பெட்டியிலிருந்து குறைந்தது ஒரு படியாவது இறங்க முடியுமானால் அதற்குப் பிள்ளை இருக்க வேண்டும். i-க்குப் பிள்ளை 2i என்பதால் 2i, n-ஐத் தாண்டக் கூடாது. அத்தகைய பெட்டிகள் அதிகபட்சம் n/2. குறைந்தது இரண்டு படி இறங்க முடிய வேண்டுமானால் பேரப்பிள்ளை இருக்க வேண்டும், அதாவது 4i, n-ஐத் தாண்டக் கூடாது. அவை அதிகபட்சம் n/4. மூன்று படிக்கு n/8. இப்படியே போகும். எல்லா எண்களும் எடுத்துவைக்கக்கூடிய முதல் படிகள் மொத்தம் n/2-க்கு மேல் இல்லை, இரண்டாம் படிகள் n/4-க்கு மேல் இல்லை, மூன்றாம் படிகள் n/8-க்கு மேல் இல்லை. பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று எத்தனை கூட்டினாலும் முழு n-ஐ எட்டாது.

```
n/2 + n/4 + n/8 + ... < n
```

நிரூபணம் முடிந்தது. இடமாற்றங்கள் எப்போதும் n-ஐவிடக் குறைவு. ஒவ்வொரு படி இறங்கவும் இரண்டு ஒப்பீடுகள் தேவை: பிள்ளைகளில் சிறியது எது, தாய் அதைவிடப் பெரியதா என்று. எனவே ஒப்பீடுகள் 2n-ஐத் தாண்டாது. 'சராசரியாக' என்ற சொல்லோ 'பெரும்பாலும்' என்ற சொல்லோ இதில் எங்கும் வரவில்லை. உள்ளீடு எதுவாக இருந்தாலும் பொருந்தும். துல்லியமான உச்சவரம்பும் கைக்கெட்டும். n-ஐ இரும எண்ணாக எழுதி, அதில் எத்தனை 1 இருக்கிறதோ அதை n-இலிருந்து கழித்தால் போதும். 15 என்பது 1111, நான்கு ஒன்றுகள், 15-இல் 4 போக 11.

அப்படியானால் 'ஒரு முறை இறக்க log n, n முறை இறக்க n log n' என்ற பெருக்கல் எங்கே சறுக்கியது? அது பொய் அல்ல. n-ஐவிட n log n பெரியது என்பதால், செலவு n log n-ஐத் தாண்டாது என்பதும் மெய்தான். ஆனால் உச்சியில் உள்ள ஒரே ஒரு எண்ணுக்கு ஆகும் செலவை எல்லா எண்களின் தலையிலும் கட்டிவிட்டது அந்தப் பெருக்கல். அதனால் கிடைத்த வரம்பு தளர்வானது. தேர்வில் 'இதைத் தாண்டாது' என்று கேட்டால் n log n எழுதலாம், 'சரியாக எந்த அளவில் வளரும்' என்று கேட்டால் எழுதக் கூடாது.

கேட் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பழைய n எண்களையும் புதிய n எண்களையும் ஒரே அர்ரேயில் அடுத்தடுத்து வைத்து, பழைய ஒழுங்கை மறந்துவிட்டு, 2n எண்களுக்கும் ஃபிளாய்ட் முறையை ஓட்டினால் 2n-ஐவிடக் குறைந்த இடமாற்றங்களில் முடிந்துவிடும்.

இப்போது அந்த மடக்குக் கேள்விக்கு வருவோம். எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் எந்த முறைக்கும் n log n அளவு ஒப்பீடுகள் தேவை என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஹீப்பை n நேரத்தில் கட்ட முடிந்தால் அந்த விதி உடைந்துவிடாதா?

உடையாது, ஏனென்றால் ஹீப் வரிசை அல்ல. மேலே கிடைத்த மரத்தை மறுபடி பாருங்கள். அடித்தளத்தில் 14-க்குப் பின்னால் 4 இருக்கிறது. 4-க்கு மேல்தளத்தில் 9 இருக்கிறது. 5-உம் 2-உம் பக்கத்துப் பக்கத்தில், பெரியது முன்னால். இவை எதுவும் விதிமீறல் இல்லை, ஏனென்றால் விதி தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே மட்டும்தான். பதினைந்து வெவ்வேறு எண்களை ஏறுவரிசையில் வைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அதே பதினைந்தை ஹீப்பாக வைக்க 2,19,64,800 வழிகள் உண்டு. அந்த இரண்டு கோடிச் சொச்சத்தில் ஏதாவது ஒன்றில் போய் நின்றால் போதும் என்பதால்தான் ஹீப் கட்டுவது மலிவாக இருக்கிறது.

வரிசையாக்கத்தின் விலை அதற்குப் பிறகு வருகிறது. உச்சியில் உள்ள சிறிய எண்ணை எடுத்ததும், கடைசிப் பெட்டியில் உள்ள எண்ணை அந்த இடத்தில் வைத்து இறக்க வேண்டும். இந்த முறை இறங்குவது எப்போதும் உச்சியிலிருந்து, அதுவும் பெரும்பாலும் முழு மரத்தின் உயரத்துக்கு. இதை n முறை செய்தால் n log n. ஆகவே ஹீப்சார்ட்டின் மொத்த நேரம் n log n என்பதில் மாற்றமில்லை. கட்டும் பகுதியின் பங்கு மட்டும் n.

இதனால் ஃபிளாய்ட் முறையின் லாபம் எங்கே தெரியும் என்பதும் விளங்கும். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தப் போகிறீர்கள் என்றால், எடுக்கும் செலவில் கட்டும் செலவு மூழ்கிவிடும். பத்து லட்சத்தில் மிகச் சிறிய பத்து மட்டும் வேண்டும் என்றால் கதை வேறு. கட்ட இருபது லட்சத்துக்கும் குறைவான ஒப்பீடுகள், பத்தை எடுக்க ஒவ்வொன்றுக்கும் நாற்பதுக்குள். எடுக்கும் செலவு ஒன்றுமே இல்லை, கட்டும் செலவுதான் எல்லாம். அங்கே n-க்கும் n log n-க்கும் உள்ள வேறுபாட்டை நேரடியாக உணரலாம்.

n-க்கும் கீழே போக முடியுமா என்று கேட்டால், முடியாது. ஹீப்பின் உச்சியில் மிகச் சிறியது நிற்க வேண்டும். தோற்றவர் வெளியேறும் கபடிப் போட்டியில் பதினாறு அணிகள் இருந்தால், ஒருவரை வெற்றியாளர் என்று அறிவிக்கப் பதினைந்து ஆட்டங்கள் நடந்தே ஆக வேண்டும், மீதிப் பதினைந்து அணிகளும் ஒரு முறையாவது தோற்றாக வேண்டும் அல்லவா. அதே கணக்கில், மிகச் சிறிய எண் இதுதான் என்று உறுதி சொல்லக் குறைந்தது n-1 ஒப்பீடுகள் தேவை. கீழே n-1, மேலே 2n. ஹீப் கட்டும் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் கட்டுண்டு கிடக்கிறது.

இவ்வளவையும் கணினியில் சோதிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். சோதனைக்கு எல்லோரும் முதலில் எடுப்பது கலைந்த எண்கள். அவற்றில் வில்லியம்ஸ் வழியும் வேகமாகவே ஓடும். தாறுமாறான வரிசையில் வரும் புது எண், சராசரியாக ஓரிரு படிக்கு மேல் ஏறுவதில்லை. காரணம், அதற்கு மேலே உள்ளவை ஏற்கெனவே வடிகட்டி ஏறிய சிறிய எண்கள். கலைந்த உள்ளீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க, எண் ஒன்றுக்குச் சராசரி சுமார் 2.28 ஒப்பீடுகள். ஃபிளாய்ட் முறைக்குச் சுமார் 1.88. இரண்டும் n-க்கு நேர்விகிதம்தான். இந்தச் சோதனையை மட்டும் செய்துவிட்டு 'இரண்டும் ஒன்றுதான்' என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. ஏறுவரிசையில் கொடுத்தாலோ இரண்டிலும் ஒரு இடமாற்றம்கூட நடக்காது. வேறுபாடு வெளிப்பட வேண்டுமானால் இறங்குவரிசையில் கொடுக்க வேண்டும்.

பைத்தானில் இடமாற்றங்களை எண்ணிப் பார்க்க இவ்வளவு போதும். பைத்தானில் பெட்டி எண்கள் 0-இலிருந்து தொடங்குவதால் பிள்ளைகள் 2p+1, 2p+2 ஆகின்றன.

```python
def floyd(a):
    n, moves = len(a), 0
    for i in range(n // 2 - 1, -1, -1):
        p = i
        while 2 * p + 1 < n:
            c = 2 * p + 1
            if c + 1 < n and a[c + 1] < a[c]:
                c += 1
            if a[p] <= a[c]:
                break
            a[p], a[c] = a[c], a[p]
            p, moves = c, moves + 1
    return moves

def williams(a):
    moves = 0
    for i in range(1, len(a)):
        p = i
        while p > 0 and a[p] < a[(p - 1) // 2]:
            q = (p - 1) // 2
            a[p], a[q] = a[q], a[p]
            p, moves = q, moves + 1
    return moves

n = 2**20 - 1
print(floyd(list(range(n, 0, -1))))
print(williams(list(range(n, 0, -1))))
```

n இங்கே 10,48,575. முதல் விடை 10,48,555. இரண்டாவது 1,88,74,370. பதினெட்டு மடங்கு. n-ஐ 1,023 ஆக்கினால் 1,013-உம் 8,194-உம் கிடைக்கும், எட்டு மடங்கு. எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் இந்த மடங்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். n-க்கும் n log n-க்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிவது இப்படித்தான்.

ஃபிளாய்ட் முறையைக் கையால் எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எண்களை இறக்குவதுதான் வேலை என்பதால், முதல் பெட்டியில் தொடங்கி முன்னோக்கிப் போனால் என்ன என்று தோன்றும். நிரல் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் ஓடும், சில உள்ளீடுகளுக்குச் சரியான விடையும் தரும். 2, 3, 4, 1 என்ற நான்கு எண்களைக் கொடுத்துப் பாருங்கள். முதல் பெட்டியில் 2, பிள்ளைகள் 3, 4. சரியாக இருக்கிறது என்று தாண்டிவிடும். இரண்டாம் பெட்டியில் 3, பிள்ளை 1. இடம் மாறும். முடிவு 2, 1, 4, 3. உச்சியில் 2, அதன் கீழே 1. ஹீப் உடைந்துவிட்டது. ஓர் எண்ணை இறக்குவதற்கு முன் அதற்குக் கீழே உள்ள இரு பக்கங்களும் ஏற்கெனவே ஹீப்பாக இருக்க வேண்டும். பின்னோக்கி வருவதன் காரணம் அதுதான். கட்டி முடித்ததும் ஒவ்வொரு பெட்டியையும் அதன் தாயோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை தப்பாது. அதற்கும் n-1 ஒப்பீடுகள் போதும்.

திசையை மாற்றாமல், இறக்குவதற்குப் பதில் ஏற்றினால் வேறொரு விளைவு. முன்னோக்கிப் போய் ஒவ்வொரு எண்ணையும் மேலே ஏற்றினால் விடை சரியாகவே வரும். ஆனால் அது வில்லியம்ஸ் முறைதான், அர்ரேக்குள்ளேயே நடக்கிறது என்பதால் செலவு குறைந்துவிடாது. மேலே உள்ள இரண்டாவது நிரல் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நூலகங்கள் இதையெல்லாம் நமக்காகச் செய்து வைத்திருக்கின்றன. பைத்தானின் `heapq.heapify` நேர்விகித நேரத்தில் ஓடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. கோ மொழியின் `heap.Init`-உம் அப்படியே. சி++ மொழியில் `make_heap` அதிகபட்சம் 3n ஒப்பீடுகளுக்குள் முடிய வேண்டும் என்று மொழியின் தரநிலையே கட்டளையிடுகிறது. n log n எடுத்துக்கொள்ளும் ஒரு நிரலை அங்கே அந்தப் பெயரில் வெளியிட முடியாது.

ஆனால் இந்த வசதியைத் தவறவிடுவதும் எளிது. எண்கள் ஒவ்வொன்றாக, நேரம் விட்டு நேரம் வந்துகொண்டிருந்தால், ஒவ்வொன்றும் வந்தவுடன் உச்சியைக் கேட்க வேண்டியிருந்தால், வில்லியம்ஸ் வழிதான் பொருத்தம். ஃபிளாய்டின் வழிக்கு எல்லா எண்களும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அப்படிக் கையில் இருக்கும்போது, பைத்தானில் `heappush`-ஐச் சுழற்சிக்குள் வைத்து அழைக்காதீர்கள், பட்டியலை அப்படியே `heapify`-இடம் கொடுங்கள். ஜாவாவில் எழுதுபவர்கள் வெற்று `PriorityQueue` ஒன்றை உருவாக்கி `addAll` சொல்ல வேண்டாம். அது உள்ளே ஒவ்வொன்றாகத்தான் சேர்க்கிறது. `new PriorityQueue<>(list)` என்று பட்டியலை உருவாக்கும்போதே கொடுத்துவிடுங்கள், அது ஃபிளாய்டின் வழியில் கட்டும்.